இரண்டு தகடுகள், ஒன்று நகர்கிறது: நேர்கோடு ஏன் வரவில்லை?

பட்டைத்தொட்டி
அடித்தகடு அசையாது. அதற்கு 10 மி.மீ. மேலே ஒரு பட்டை விநாடிக்கு 5 செ.மீ. வேகத்தில் ஓடுகிறது. நடுவே கிளிசரின், பாகியல் எண் ஏறத்தாழ 1 பாஸ்கல் விநாடி. நீளம் 30 செ.மீ., இரு முனைகளும் மூடியவை. உந்தச் சமநிலைப்படி வேகம் கீழே சுழியில் தொடங்கி மேலே 5 வரை நேராக ஏற வேண்டும். ஆனால் அடித்தகட்டை ஒட்டிய துகள்கள் பட்டைக்கு எதிர்த்திசையில் போகின்றன. கணக்கில் எங்கே பிழை?

நேர்கோடு
கணக்கு சரிதான். நுழையும் உந்தமும் வெளியேறும் உந்தமும் அடிபட்டுவிடும், ஷியர் தகைவு எங்கும் ஒன்றே, ஆகவே நேர்கோடுதான் வரும். ஓட்டம் கலங்கியிருக்கும், வேகத்தைக் குறைத்துப் பாருங்கள்.

மெல்லடுக்கு
கலங்க வழியே இல்லை. அடர்த்தி 1260 என்று வைத்தால் ரெனால்ட்ஸ் எண் 0.63 தான் வருகிறது. உந்தம் அடிபடும் என்பது சரி, ஏனென்றால் நீளவாக்கில் வேகம் மாறுவதில்லை. ஆனால் அதோடு அழுத்தத்தையும் சேர்த்து அடித்துவிட்டீர்கள்.

Δy தடிமனுள்ள ஒரு பாளத்தை எடுங்கள். அதன் மேல்முகத்தை மேலடுக்கு முன்னே இழுக்கிறது, கீழ்முகத்தைக் கீழடுக்கு பின்னே இழுக்கிறது. இரு முனைகளிலும் அழுத்தம் தள்ளுகிறது. நான்கையும் கூட்டிச் சுழியாக்கி, Δy-ஐச் சுருக்கினால்:

```
dτ/dy = dp/dx,   τ = μ du/dy
u = U(y/h) + (1/2μ)(dp/dx)(y² − h·y)
```

முனைகள் திறந்திருந்தால் dp/dx = 0, நேர்கோடு கிடைக்கும். உங்கள் தொட்டியிலோ பட்டை இழுத்துப்போகும் கிளிசரினுக்கு வெளியேற வழியில்லை. போன அளவு அப்படியே திரும்பியாக வேண்டும். மொத்தப் பாய்வு சுழி என்று வைத்தால்:

```
dp/dx = 6μU/h² = 3000 Pa/m
u = U(3η² − 2η),   η = y/h
```

அடியிலிருந்து 6.7 மி.மீ. உயரத்தில் வேகம் சுழி. அதற்குக் கீழே எல்லாம் பின்னோட்டம். 3.3 மி.மீ. உயரத்தில் அது உச்சம், விநாடிக்கு 1.7 செ.மீ. பட்டையின் மேல் இழுவையும் 5 பாஸ்கலிலிருந்து 20 ஆகிவிடும். மோட்டார் தேர்வில் இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள்.

மூன்றாமாண்டு
எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது τ = −μ du/dy. அதை உங்கள் சமன்பாட்டில் போட்டால் வளைவு தலைகீழாக வருகிறதே?

மெல்லடுக்கு
அங்கே τ என்பது மேல்நோக்கிக் கடத்தப்படும் உந்தம். அப்போது சமநிலையும் dτ/dy = −dp/dx என்று மாறும், இரண்டு குறிகளும் சேர்ந்து அதே விடையைத் தரும். ஒன்றில் மட்டும் குறியை மாற்றினால்தான் கோளாறு. அழுத்தம் இல்லாத கணக்கில் வலப்பக்கம் சுழி என்பதால் இந்தப் பிழை வெளியே தெரியவே தெரியாது. சோதிக்க ஒரு வழி உண்டு: ஓட்டத் திசையில் அழுத்தம் கூடினால் நடுவில் வேகம் நேர்கோட்டை விடக் குறைய வேண்டும். வேகம் கூடினால் குறி தப்பு.

தண்டுஎண்ணெய்
எங்கள் தாங்கியில் தண்டு சூடாகிறது. அங்கேயும் பின்னோட்டம் இருக்குமா?

மெல்லடுக்கு
சூட்டினால் மட்டும் பின்னோட்டம் வராது. சூடான பக்கம் எண்ணெய் இளகும். தகைவு எங்கும் ஒன்றே என்றாலும் அங்கே சரிவு செங்குத்தாகி, கோடு வளையும். அவ்வளவே. இடைவெளி மாறிக்கொண்டே போகும் தாங்கியில் அழுத்தமும் எழும், அதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

பட்டைத்தொட்டி
மீட்டருக்கு 3000 பாஸ்கல் என்றால் 30 செ.மீ.க்கு 900. இரு முனைகளிலும் நின்ற குழாய்களில் 7.3 செ.மீ. மட்ட வேறுபாடு இருக்க வேண்டும். 5 செ.மீ. தான் இருக்கிறது.

நேர்கோடு
அழுத்தத்தை விட்டது என் பிழைதான். ஆனால் இப்போது கிளிசரினைப் பாருங்கள். காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு இளகியிருக்கும். 0.69 பாஸ்கல் விநாடி என்று வைத்தால் 5 செ.மீ. சரியாகப் பொருந்துகிறது.

மெல்லடுக்கு
பட்டையின் ஓரங்களில் கசிந்தாலும் குறையும். வேகம் சுழியாகும் உயரத்தை அளந்தால் எது என்று தெரியும். இளகல் மட்டும் என்றால் μ அடிபட்டுப்போவதால் அது 6.7 மி.மீ.யிலேயே நிற்கும். பாகியல் எண் மாறாமல் கசிவு மட்டும் என்றால் 5.1-க்கு இறங்கும். முனைகளிலிருந்து இடைவெளியைப் போல மூன்று நான்கு மடங்காவது தள்ளி அளங்கள், முனைகளில் ஓட்டம் திரும்புவதால் இந்தக் கணக்கு செல்லாது.

பட்டைத்தொட்டி
தொட்டியின் நடுவில் பார்த்தேன். 6 மி.மீ.

நேர்கோடு
அப்படியானால் இரண்டும் இருக்கலாம். பாகியல் எண்ணைத் தனியாகவும் அளந்து சரிபாருங்கள்.

மெல்லடுக்கு
கசிவு நீளம் முழுக்க ஒரே சீராக இருக்குமா என்பதும் எனக்குச் சந்தேகம். நடுவில் எடுத்த ஒரே அளவை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். இரு பக்கமும் 5 செ.மீ. தள்ளி இன்னும் இரண்டு இடங்களில் அளந்து போடுங்கள்.