தாத்தா உட்காரட்டும்னு நான், நான் உட்காரட்டும்னு தாத்தா

புதுவாத்தி

போன சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு மாணவன் வீட்டுல கூப்பிட்டிருந்தாங்க. பெஸ்தாரி ஜெயா, பழைய ஆளுங்க வாயில இன்னும் பத்தாங் பெர்ஜுந்தாய்தான். தோட்டத்து லயத்தை விட்டுத் தாமானுக்கு வந்து ரொம்ப காலம் ஆன குடும்பம். ஆனா வாசல்ல அதே அஞ்சடி மாதிரி தகரம் இறக்கி, ரெண்டு பிளாஸ்டிக் நாற்காலி.

செருப்பைக் கழட்டிட்டு நிமிர்றேன், தாத்தா நாற்காலிக் கையை அழுத்திப் பிடிச்சு எழுந்திரிக்கிறாரு. முட்டி நீளல. சட்டையை அப்பதான் மாட்டியிருப்பாரு போல, பட்டன் ஒன்னு மாறி ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது. ரெண்டு கையும் கூப்பி, "வாங்க சார்."

"வணக்கம் தாத்தா, உட்காருங்க."

"நீங்க உட்காருங்க சார்."

"இல்ல, நீங்க மொதல்ல."

எண்பது தாண்டினவரு. எனக்கு முப்பது கூட ஆகல. அவரு கால் நடுங்குது, ஆனா உட்கார மாட்டேங்கிறாரு. பையனோட அப்பா உள்ளேருந்து "உட்காருப்பா"ன்னு சத்தம் போடுறாரு, காதுலயே வாங்கல. கடைசியில நான்தான் உட்கார்ந்தேன். அதுக்கப்புறம் அவரும் நாற்காலி நுனியில உட்கார்ந்தாரு, முதுகு சாய்க்காம. உள்ள போய் எல்லாருக்கும் வணக்கம் சொன்னேன், ஆட்டுக்கறி பிரட்டல் நல்லா இருந்துச்சு. அந்த நடுங்குற கால் மட்டும் கண்ணை விட்டுப் போகல. நீங்கல்லாம் இப்படி ஆளைப் பாத்தா என்ன செய்வீங்க?

காலைத்தொட்டு

இதுல என்ன குழப்பம் தம்பி? குனிஞ்சு காலைத் தொட்டுக் கும்பிட்டிருந்தா அவரே ஆசீர்வாதம் பண்ணிட்டு உட்கார்ந்திருப்பாரு. நம்ம பண்பாடு அது. நான் எந்த வீட்டுக்குப் போனாலும் மூத்தவங்க கால்லதான் மொதல்ல விழுவேன். கூலிமுக்கு ஒரு தடவை போயிருந்தப்ப ஒரு பாட்டி அழுதே போச்சு.

கிராணிவீட்டுப் பொண்ணு

காலைத்தொட்டு அண்ணே, தீபாவளிக் காலையில, கல்யாணத்துல, சொந்தக்காரங்க கால்ல விழுறது சரி. முதல் தடவை சாப்பிட வந்த வாத்தியார் வாசல்லயே கால்ல விழுந்தா அந்தத் தாத்தா பதறிப் பின்னால போவாரு, முட்டி வலியோட. அந்தப் பாட்டி ஏன் அழுதுச்சுன்னும் நமக்குத் தெரியாது.

தம்பி, அவரு எழுந்தது உங்களுக்கு இல்ல, உங்க உத்தியோகத்துக்கு. எங்கப்பா தோட்டத்துல கிராணி. சம்பளப் பாக்கி, வீட்டுக் கூரை ஒழுகுதுன்னு சாயங்காலம் ஆளுங்க எங்க குவாட்டர்ஸுக்கு வருவாங்க. முன்வாசலுக்கு வர மாட்டாங்க, குசினிப் படிக்கட்டுப் பக்கம்தான். தோள்ல கிடக்குற துண்டு கையிடுக்குக்குப் போயிடும். எங்கம்மா நாற்காலி போட்டு "உட்காருங்கண்ணே"ன்னு சொல்லுவாங்க, நாற்காலியைத் தொடக்கூட மாட்டாங்க. எனக்கு அப்ப ஏழெட்டு வயசு, இவங்களுக்குக் கால் வலிக்காதான்னு நெனைப்பேன்.

அதுக்கு முந்தின தலைமுறையில இன்னும் மோசம். துரையோ கிராணியோ எதிர்ல வந்தா சைக்கிள்ல இருந்து இறங்கி நிக்கணும். 1941-ல கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள்ல வேலைநிறுத்தம் நடந்துச்சே, சம்பள உயர்வோட சேர்த்து 'சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம்'கிறதும் ஒரு கோரிக்கை. சம்பளத்துக்குப் பக்கத்துல வைக்கிற அளவுக்கு அது உறுத்தியிருக்கு. உங்க தாத்தா அந்தக் காலத்துப் பிள்ளை. இறங்கி நின்ன அப்பனைப் பாத்து வளர்ந்திருப்பாரு.

நான் செய்யிறதைச் சொல்றேன். நின்னுக்கிட்டே "உட்காருங்க"ன்னு சொன்னா அவங்க நம்ப மாட்டாங்க, அந்தக் காலத்துல அப்படிச் சொன்னவங்க யாரும் மனசோட சொல்லல. அதனால எட்ட நின்னு கும்பிடாம கிட்டப் போயிடணும். கூப்பின கையை நம்ம ரெண்டு கையாலயும் அப்படியே பிடிச்சுக்கிட்டு, "தாத்தா, நீங்க எந்தத் தோட்டத்துல பால் வெட்டுனீங்க?"ன்னு கேட்டுக்கிட்டே கூடவே கீழ இறங்கணும். பக்கத்து நாற்காலியோ, இல்லாட்டி படிக்கட்டோ. ரெண்டு பேரும் ஒரே சமயத்துல இறங்குனா யார் முன்னாடி உட்கார்ந்ததுங்கிற கேள்வியே வராது. பதில் நீளமா வர்ற கேள்வியா இருக்கணும். "நல்லா இருக்கீங்களா"ன்னு கேட்டா "இருக்கேன் சார்"னு நின்னபடியே முடிச்சிருவாரு.

ஒன்னு கவனிங்க. கையைப் பிடிக்கிறது தாத்தாக்களுக்கு. பாட்டிங்ககிட்ட, நான் பொம்பளைங்கிறதால செய்வேன். நீங்க அவங்க கை நீட்டுறாங்களான்னு பாத்துட்டுச் செய்யுங்க.

காலைத்தொட்டு

1941-லயே போராடி அந்த சைக்கிள் சட்டத்தை எடுத்தாச்சு. ஆர்.எச். நாதன் தலைமையில ஜெயிச்சது. அப்புறம் எப்படி இவருக்குப் பயம் இருக்கும்?

கிராணிவீட்டுப் பொண்ணு

தலைமை சரி. ஜெயிச்சாங்கன்னு யார் சொன்னது? நாதனைப் பிடிச்சு நாடு கடத்திட்டாங்க. ராணுவத்தை இறக்கிச் சுட்டதுல தொழிலாளிங்க செத்தாங்க. அதோட, அது சட்டம் இல்ல, தோட்டத்து வழக்கம். சட்டம்னா ஒரு நாள்ல எடுத்திரலாம். வழக்கம் ஒவ்வொரு தோட்டத்துலயும் ஒவ்வொரு வேகத்துல போச்சு.

சைட்மிரர்

எங்க வீட்டுலயும் இதே பிரச்சினைதான், ஆனா மலாய்க்காரங்க. அப்பாவோட லோரி முதலாளி பாக் சிக், அவரோட மனைவி, ரெண்டு பேரும் சாப்பிட வந்தாங்க. அப்பா சலாம் பண்ணிக் கையை நெஞ்சுல வச்சாரு, சரி. என் தம்பி அந்த மாக் சிக்குக்குக் கை நீட்டிட்டான். அவங்க துடோங் நுனியைக் கை மேல போட்டுக்கிட்டு சிரிச்சபடியே கொடுத்தாங்க. அம்மா புதுத் தட்டு, புது கிளாஸ் எல்லாம் ஸ்டிக்கர் கூட உரிக்காம வச்சிருந்தாங்க. அவங்க அதைப் பாத்துட்டு ஒன்னும் சொல்லாம அம்மா முதுகைத் தட்டிக் கொடுத்தாங்க. ஆம்பளைங்க கைய நீட்டாம நெஞ்சுல கை வச்சுத் தலையை ஆட்டுனாப் போதும், அவங்க நீட்டுனா மட்டும் கொடுக்கணும். இதுதான் என் பதில்.

புதுவாத்தி

சைட்மிரர், நல்ல விஷயம்தான். ஆனா நான் கேட்டது எழுந்து நிக்கிற தாத்தாவைப் பத்தி.

விளக்குவச்சாச்சு

தம்பி எத்தனை மணிக்குப் போனீங்கன்னு சொல்லவே இல்ல. அதுதான் முக்கியம். நம்ம ஊர்ல பொழுது சாய ஏழே கால், ஏழரை ஆகும். "ஏழு மணிக்கு வாங்க"ன்னு சொன்னா சரியா ஏழுக்குப் போய் நிக்கக் கூடாது. அப்பதான் அந்தப் பொம்பளை குளிச்சு முடிச்சு விளக்கேத்தப் போவாங்க. நீங்க வாசல்ல நின்னா விளக்கா விருந்தாளியான்னு தடுமாறுவாங்க. ஏழே முக்காலுக்குப் போங்க. சாம்பிராணி வாசம் வாசல் வரைக்கும் வந்தா விளக்கு வச்சாச்சுன்னு அர்த்தம். இன்னும் மணிச்சத்தம் கேக்குதுன்னா கேட்டுக்கு வெளியிலேயே செருப்போட நில்லுங்க, கூப்பிடாதீங்க. உள்ள ஒருத்தரு சாமி கும்பிடும்போது வணக்கம் சொன்னா அவங்க திரும்பவும் முடியாது, திரும்பாம இருக்கவும் முடியாது.

அப்புறம் பழம். வெறுங்கையோட போகாதீங்க. பையை வீட்டுக்காரர் கையில கொடுக்காதீங்க, அவரு அதை டிவி மேசையில வச்சிட்டு மறந்துருவாரு. வீட்டம்மா கையில, ரெண்டு கையாலயும். "எதுக்கு இதெல்லாம்"னு சொல்லுவாங்க, "பிள்ளைங்களுக்கு"ன்னு சொன்னாப் போதும், நீளமாப் பேச வேண்டாம். தரையில வைக்காதீங்க. பூ வாங்கிட்டுப் போறவங்க யோசிச்சுப் போங்க. வீட்டுல புருஷன் இல்லாத அக்காவோ தங்கச்சியோ இருந்தா, ஒருத்தருக்கு மட்டும் நீட்டுறப்ப மத்தவங்க முகம் எங்க போய் வைக்கிறதுன்னு தெரியாம நிக்கும். எங்க ஓர்ப்படி வீட்டுல நான் பாத்தேன். பழம்னா எல்லாருக்கும்.

தண்ணி கொடுத்தா ஒரு வாயாவது குடிச்சிரணும். "இப்பதான் குடிச்சேன்"னு தள்ளுறது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. சர்க்கரை வியாதின்னா "வெறும் தண்ணி கொடுங்கக்கா"ன்னு கேட்டு வாங்குங்க.

நாலாம்லயம்

அத்தே, அவரு ஒன்னு கேட்டா நீங்க வேற வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிட்டீங்க.

கிராணிவீட்டு அக்கா சொல்றதுல எனக்கு உடன்பாடு இல்ல. என் தாத்தாவும் வாத்தியாரைப் பாத்தா எழுந்திரிப்பாரு, கடைசி வரைக்கும். ஆனா கிராணி வந்தப்ப எழுந்து நான் பாத்ததில்ல. ஏன்னு ஒரு தடவை கேட்டேன். ராத்திரியில லயத்துப் பெரியவங்களுக்கு மண்ணெண்ணெய் விளக்குல கையெழுத்துப் போடச் சொல்லிக் கொடுத்தவரு ஒரு தமிழ்ப்பள்ளி வாத்தியாராம். சம்பள நாள்ல பெருவிரலை மையில முக்காம பேரெழுதி வாங்கினதைச் சொல்லும்போது தாத்தா நெஞ்சு நிமிரும். அதை அடிமைப் பழக்கம்னு நீங்க எழுதினா எனக்குச் சுருக்குன்னு இருக்கு. அந்த மரியாதையை வாங்கிக்கிறதும் ஒரு மரியாதைதான். புதுவாத்தி உட்கார்ந்தது சரின்னுதான் சொல்வேன்.

அடுப்படியில்நான்

நான் எழுத வந்தது வேற. வாசல்ல யார் மொதல்ல உட்கார்றதுன்னு பத்து நிமிஷம் பேசுறீங்க. எங்க வீட்டுக்கு வர்றவங்க தாத்தா, மாமா, குழந்தை எல்லாருக்கும் வணக்கம் சொல்லிட்டு நேரா இலைக்கு வந்துருவாங்க. மத்தியானத்துல இருந்து அடுப்புகிட்ட நிக்கிறவ கூடத்துக்கு வர்றப்பதான் தெரியும், எல்லாரும் பேசி முடிச்சாச்சுன்னு. ஒரே ஒரு தடவை, என் வீட்டுக்காரரோட வேலை செய்யிற அண்ணன் ஒருத்தர், குசினி நிலைக்கு வெளியவே நின்னு, "அக்கா, வந்துட்டேன்"னு சத்தமாச் சொல்லிட்டுத் திரும்பிப் போனாரு. உள்ள வரல, எட்டிப் பாக்கல. கரண்டியோட நின்னுக்கிட்டு "வாங்கண்ணே"ன்னேன். அவ்ளோதான்.

புதுவாத்தி

எல்லாருக்கும் நன்றி. நாலாம்லயம் எழுதினதைப் படிச்சப்புறம் ஒன்னு ஞாபகம் வந்துச்சு. ஒன்பது மணி வாக்குல தாத்தாவோட பழைய மண்டோர் வந்தாரு, சும்மா பாத்துட்டுப் போக. தாத்தா எழுந்திரிக்கல. நாற்காலியில சாஞ்சபடியே "வாய்யா, சாப்பிட்டியா"ன்னாரு. அவருக்குக் கீழதான் முப்பது வருஷம் மரம் வெட்டியிருக்காரு. அப்போ இது பயம் இல்லன்னுதானே ஆகுது?

கிராணிவீட்டுப் பொண்ணு

மண்டோர் லயத்து ஆளு தம்பி. பக்கத்து வீட்டுல இருந்தவரு, திட்டினாலும் ராத்திரி ஒரே கோயில்ல நின்னவரு. அதை வச்சுக் கிராணியையும் துரையையும் கணக்குப் போட முடியாது. நாலாம்லயத்துத் தாத்தா சொன்ன வாத்தியார் கதையை நான் மறுக்கல. ரெண்டும் ஒரே உடம்புல இருக்கக் கூடாதா என்ன? முட்டி வலிக்கிற மனுஷனை நிக்க வைக்காம இருக்க வழி சொன்னேன், காரணம் எதுவா இருந்தாலும் அது ஆகும்.

நாலாம்லயம்

கையைப் பிடிச்சு உட்கார வச்சா, "என்னை எழுந்து நிக்கக் கூட விடல"ன்னு என் தாத்தா வருத்தப்பட்டிருப்பாரு. அவரு நிக்கட்டும். ஒரு நொடி. அப்புறம் நீங்க உடனே உட்கார்ந்திருங்க, "இல்ல நீங்க, இல்ல நீங்க"ன்னு இழுக்காம. கால் நடுங்குறது அந்த இழுப்புலதான்.

விளக்குவச்சாச்சு

எல்லாம் சரி, தம்பி என்ன பழம் வாங்கிட்டுப் போனீங்க? அதைச் சொல்லவே இல்லையே.

புதுவாத்தி

ஆரஞ்சு, அத்தே. பையன் அப்பா கையிலதான் கொடுத்தேன். டிவி மேசையிலதான் வச்சாரு.