காய் விட்ட பிள்ளைகள் தாங்களே பழம் விட: வாக்கிய அட்டை அனுபவங்கள்

இரண்டாம் வகுப்பு ஆசிரியை, ஏற்காடு

எங்கள் பள்ளியில் படிப்பவர்கள் பெரும்பாலும் காபித் தோட்ட வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். ஏழு வயசு. "டீச்சர், இவன் என்னைத் தள்ளிட்டான்", "டீச்சர், அவ என்கூட காய் விட்டுட்டா" என்று இடைவேளை முடிந்ததும் வரிசையாக வந்து நிற்பார்கள். நான் தீர்ப்பு சொன்னால் ஒருவர் ஜெயித்த மாதிரி, ஒருவர் தோற்ற மாதிரி ஆகிவிடும். தோற்ற பிள்ளை மதியத்துக்குள் இன்னொரு வம்போடு வந்துவிடும். அதனால்தான் இந்த வாக்கிய அட்டைகளை ஆரம்பித்தேன். நான் வைத்திருப்பது நாலே அட்டை.

மஞ்சள்: "நீ ______ப்போ, எனக்கு ______."
நீலம்: "நீ சொன்னது ______. சரியா?"
பச்சை: "இப்போ எனக்கு ______ வேணும்."
வெள்ளை: "சரி" / "அது முடியாது, ஆனா ______ செய்றேன்" / "எனக்கும் ஒண்ணு சொல்லணும்".

சார்ட் பேப்பரில் செய்தால் இங்கே பனியில் சுருண்டுவிடும், ஸ்கெட்ச் எழுத்தும் ஊறிவிடும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் எழுதி, இரண்டு பக்கமும் அகல செல்லோடேப் ஒட்டி, ஓட்டை போட்டு, ஒரு கயிற்றில் கோத்து ஜன்னல் ஓரம் மாட்டிவிட்டேன். பேசுகிற மாதிரியே எழுதியிருக்கிறேன். "நான் வருத்தமடைகிறேன்" என்று எழுதினால் பாடம் ஒப்பிக்கிற குரலில் படித்துவிட்டு ஓடிவிடுவார்கள்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். ஒரு பெண் தன் பச்சை கிரேயானைப் பக்கத்துப் பையனுக்குக் கொடுத்தாள். அவன் அழுத்தித் தேய்த்ததில் அது உடைந்துபோனது. ஒன்றும் சொல்லாமல் டப்பாவுக்குள் வைத்துவிட்டான். அவள் பார்த்ததும் காய் விட்டாள். இரண்டு பேரும் தண்ணீர் குடித்துவிட்டு ஜன்னலுக்குப் போனார்கள். மஞ்சள் அட்டையைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னது: "நீ எப்பவும் என் பொருளெல்லாம் உடைக்கிறப்போ, எனக்கு நீ கெட்டவன்னு இருக்கு." அவன் உடனே "பொய்!" என்றான். நான் அவளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: "எந்தப் பொருள்? எப்போ?" கொஞ்சம் யோசித்து மறுபடி சொன்னாள்: "நீ பச்சை கிரேயானை உடைச்சிட்டு சொல்லாம வச்சப்போ, எனக்கு அழுகையா வந்துச்சு."

அடுத்து அவன் கையில் நீலம். "நீ சொன்னது, நான் கிரேயானை உடைச்சிட்டேன். சரியா?" அவள் "இல்ல, சொல்லாம வச்சிட்ட" என்றாள். அவன் அவள் முகத்தைப் பார்த்து, "சொல்லாம வச்சிட்டேன். சரியா?" என்றான். அதற்கு அவள் தலையாட்டினாள். அதுவரைக்கும் உடைந்ததுதான் சண்டை என்று அவனும் நினைத்திருந்தான், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பச்சை அட்டையில் அவள் புது கிரேயான் கேட்டாள். அவன் வெள்ளை அட்டையை எடுத்து, "அது முடியாது, ஆனா இனிமே உடைஞ்சா உடனே சொல்றேன்" என்றான். பழம் விட்டார்கள். அன்றைக்கு முழுக்க அவனுக்கு அவள் வேறு எந்தக் கலரும் கொடுக்கவில்லை, அது வேறு விஷயம். ஆனால் சாப்பாட்டு வரிசையில் பக்கத்தில்தான் நின்றாள்.

நீல அட்டை இல்லாவிட்டால் இது இரண்டு புகாராக மட்டுமே நின்றிருக்கும் என்பது என் அபிப்பிராயம். உங்கள் வகுப்பில், வீட்டில் எப்படி என்று எழுதுங்கள்.

ஒரு அம்மா, அம்மாபேட்டை

நான் வீட்டில் செய்து பார்த்தேன், டீச்சர். பெரியவளுக்கு ஏழு, சின்னவனுக்கு நாலு. நான் இன்னொரு அட்டையும் சேர்த்தேன்: "என்னை மன்னிச்சிடு." சண்டை வந்தால் முதலில் அதைத்தான் எடுக்கச் சொல்வேன். சீக்கிரம் முடிந்துவிடுகிறது, அது பெரிய நிம்மதி. வீட்டுக்காரர் தறியில் இருக்கும்போது பிள்ளைகள் கத்தினால் அவருக்குக் கோபம் வரும். அட்டை யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசணும் என்று ஒரு சட்டம் போட்டேன், அதுவும் நன்றாக வேலை செய்கிறது. ஒரே குறை, அதே சண்டை சாயங்காலம் திரும்ப வந்துவிடுகிறது.

ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை, சேலம்

அம்மாபேட்டை அம்மா, கையில் அட்டை இருப்பவர் பேசட்டும் என்றீர்களே, அது சரியான வழி. அதை விட்டுவிடாதீர்கள். மன்னிப்பு அட்டையை மட்டும் எடுத்துவிடுங்கள். முதலிலேயே மன்னிப்பு கேட்கச் சொன்னால் எதற்காகக் கேட்கிறோம் என்று பிள்ளைக்குத் தெரியாது. தப்பித்துப் போகிற வழியாக அதை வைத்துக்கொள்ளும். சாயங்காலம் சண்டை திரும்பி வருவதற்கு அதுதான் காரணம். கேட்டுவிட்டு, திருப்பிச் சொல்லிவிட்டு, அப்புறம் தானாக வந்தால் வரட்டும். வராவிட்டாலும் பரவாயில்லை. நாலு வயசுக்காரனிடம் "நீ செஞ்சப்போ எனக்கு" என்ற முழு வாக்கியத்தை எதிர்பார்க்காதீர்கள். முகம் வரைந்த அட்டையைக் காட்டினால் அவனுக்குப் போதும்.

ஏற்காடு டீச்சர் "எந்தப் பொருள், எப்போ" என்று கேட்டது முக்கியமான இடம். "எப்பவும்", "எல்லாம்" என்ற சொற்கள் வந்தாலே எதிரில் இருப்பவன் மறுக்கத்தான் செய்வான். "எனக்கு நீ கெட்டவன்னு இருக்கு" என்பதும் மனசில் இருப்பதைச் சொல்லவில்லை, பழியைத்தான் போடுகிறது. அமெரிக்க உளவியலாளர் தாமஸ் கார்டன் 1962-இல் பெற்றோருக்கு வகுப்பு நடத்த ஆரம்பித்தார். "நீ இப்படி" என்று தொடங்காமல் "எனக்கு இப்படி" என்று பேசும் முறையை அதில் சொல்லிக்கொடுத்தார். உங்கள் மஞ்சள் அட்டைக்கு வேர் அங்கேதான். அவர் கேட்கிற பக்கத்தையும் அதே அளவுக்கு வலியுறுத்தினார். நம் ஊரில் பலரும் பேசுகிற அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு கேட்கிற அட்டையை விட்டுவிடுகிறார்கள்.

என் அனுபவத்தில் கவனிக்க வேண்டியது இரண்டு. மூச்சு வாங்கிக்கொண்டு, கண் சிவந்து நிற்கும் பிள்ளையிடம் அட்டையை நீட்டாதீர்கள், கிழித்துப் போட்டுவிடும். தண்ணீர் குடிக்கட்டும், மைதானத்தை ஒரு சுற்று நடந்து வரட்டும். இன்னொன்று, அட்டையைப் படிக்கும்போது கண் எங்கே போகிறது என்று பாருங்கள். எதிரில் இருக்கும் பிள்ளையைப் பார்க்காமல் உங்களையே பார்த்தால், அது உங்களுக்காகத்தான் படிக்கிறது. அப்போது நீங்கள் பத்தடி தள்ளிப் போய் நோட்டு திருத்த ஆரம்பித்துவிடுங்கள்.

ஒரு அப்பா, சூரமங்கலம்

மேடம், இந்த கார்டு செட் இங்கிலீஷில் எங்கே கிடைக்கும்? பையன் செகண்ட் ஸ்டாண்டர்ட். தமிழ் நன்றாகப் பேசுகிறான், இங்கிலீஷ் ரீடிங் வரவில்லை. தினமும் பத்து கார்டு படிக்க வைக்கலாம் என்று பார்க்கிறேன்.

இரண்டாம் வகுப்பு ஆசிரியை, ஏற்காடு

சார், இது படிக்கப் பழகும் அட்டை இல்லை, சண்டை வந்தால் பேசுவதற்கு. பையனுக்குக் கோபத்தில் எந்த மொழி வாயில் வருகிறதோ அந்த மொழியில் எழுதுங்கள். கடையில் தேட வேண்டாம், நீங்களும் அவனும் உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் செய்துவிடலாம்.

அரசுப் பள்ளி ஆசிரியர், அயோத்தியாப்பட்டணம்

என் வகுப்பில் இது பாதிதான் நடந்தது. எண்ணும் எழுத்தும் வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையிலும் பிள்ளைகள் கலந்து இருக்கிறார்கள். அரும்பில் இருக்கிற பிள்ளைக்கு வாக்கியம் படிக்க வராது. மலரில் இருக்கிறவன் மளமளவென்று படித்துவிடுவான். கடைசியில் யார் நன்றாகப் படிக்கிறார்களோ அவர்கள் பக்கம்தான் நியாயம் என்று ஆகிவிட்டது. ஒரு பெண் அட்டையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்றைக்கு எனக்கு மனசே கேட்கவில்லை.

அப்புறம் எழுத்தைக் குறைத்தேன். மஞ்சளில் ஒரு வாயும் ஒரு முகமும், நீலத்தில் ஒரு காது, பச்சையில் நீட்டிய கை. வாக்கியத்தைக் காலையில் எல்லோரும் சேர்ந்து சொல்லிப் பழகினோம். சண்டை இல்லாத நேரத்தில்தான் பழக்கினேன், பொம்மைகளுக்குச் சண்டை மூட்டிவிட்டு. இப்போது அட்டை வெறும் நினைவூட்டல்தான், வாக்கியம் வாயிலேயே இருக்கிறது. உணர்ச்சிச் சொற்கள்தான் இன்னும் இழுக்கிறது. கோபம், அழுகை, பயம் இதற்கு மேல் போகமாட்டேன் என்கிறார்கள். "ஏமாந்துபோன மாதிரி", "தனியா விட்ட மாதிரி" என்று கதை சொல்லும்போது நானே பயன்படுத்துகிறேன். ஒன்றிரண்டு பேர்தான் பிடித்துக்கொண்டார்கள்.

பள்ளி வேன் ஓட்டுபவர், அஸ்தம்பட்டி

டீச்சரம்மா, நான் படிப்பு சொல்லிக்கொடுக்கிற ஆள் இல்லை, வேன் ஓட்டுகிறேன். ஜன்னல் சீட்டுக்காகத் தினமும் சண்டை. என் பெண் இரண்டாவது படிக்கிறாள், அவள்தான் இந்த அட்டையைக் கொண்டுவந்து வேனில் மாட்டினாள். வண்டி ஓடும்போது நான் திரும்பிப் பார்க்க முடியாது, அவர்களே பேசிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். சத்தம் குறைந்துவிட்டது.

ஆனால் கண்ணாடியில் பார்க்கிறேன். ஒல்லியாக ஒரு பையன். எப்போது பேசினாலும் கடைசியில் "சரி" என்கிறவன் அவன்தான். ஜன்னல் சீட்டில் அவன் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. வேன் அமைதியாகத்தான் போகிறது. இது நல்லதா, தெரியவில்லை.

ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை, சேலம்

வேன் தம்பி, நல்ல கண் உங்களுக்கு. சத்தம் இல்லை என்பதை வைத்து அட்டை வேலை செய்கிறது என்று சொல்ல முடியாது. ஒரே பிள்ளை திரும்பத் திரும்ப விட்டுக்கொடுத்தால் அந்தப் பேச்சு சமமாக நடக்கவில்லை. வெள்ளை அட்டையில் "அது முடியாது" என்பதை அந்தப் பையன் ஒரு தடவையாவது சத்தமாகச் சொல்லிப் பழகணும். சண்டை இல்லாதபோது உங்களோடு விளையாட்டாகச் சொல்லிப் பார்க்கட்டும். அப்படியும் அவன் "சரி" என்றே சொன்னால், பெரியவன் யாராவது மிரட்டுகிறானா என்று பாருங்கள். அடிப்பது, மிரட்டுவது, ஒருவனையே குறி வைப்பது, இதற்கெல்லாம் அட்டை கிடையாது. அங்கே பெரியவர்கள்தான் நடுவில் வந்து நிற்கணும். அடி வாங்கியவனிடம் "உனக்கு எப்படி இருந்துச்சுன்னு அவனிடமே சொல்லு" என்பது கொடுமை.

எல்லோருக்கும் இன்னொன்று. "எனக்குப் பயமா இருக்கு" என்று தொடங்கிய பிள்ளை வீட்டில் நடப்பதைச் சொல்ல ஆரம்பித்தால், அட்டையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து கேளுங்கள். பிள்ளைக்கு ஆபத்து என்று தோன்றினால் 1098 எண்ணுக்குப் பேசலாம்.

பள்ளி வேன் ஓட்டுபவர், அஸ்தம்பட்டி

மிரட்டுகிற மாதிரி தெரியவில்லை, அம்மா. அவன் சுபாவமே அப்படியோ என்னவோ. ஜன்னல் சீட்டுக்கு முறை வைத்து நானே பெயர் எழுதி ஒட்டிவிடலாமா? அப்படிச் செய்தால் அவர்கள் பேசவே வேண்டியிருக்காதே என்று என் பெண் சண்டை போடுகிறாள்.

இரண்டாம் வகுப்பு ஆசிரியை, ஏற்காடு

உங்கள் பெண் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அண்ணா. முறையை அவர்களே பேசி வைக்கட்டும், எழுதி ஒட்டுவது மட்டும் நீங்கள். பேச்சை அந்தப் பையனிடமிருந்து ஆரம்பியுங்கள், மஞ்சள் அட்டை முதலில் அவன் கையில் போகட்டும். அவன் சொன்னதை மற்றவர்கள் நீல அட்டையோடு திருப்பிச் சொன்ன பிறகுதான் அடுத்தவர் பேசணும். வண்டி கிளம்புவதற்கு முன்னால் செய்யுங்கள், ஓடும்போது வேண்டாம்.

அரசுப் பள்ளி ஆசிரியர், அயோத்தியாப்பட்டணம்

எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. கூச்சப்படுகிற பிள்ளையை எல்லோர் முன்னாலும் முதலில் பேசச் சொன்னால் இன்னும் சுருங்கிவிடும். என் வகுப்பில் அப்படி நடந்திருக்கிறது. முதலில் அவனுக்குப் பிடித்த ஒரே ஒருத்தனோடு பேச விடுங்கள், அண்ணா. அப்புறம் வேன் முழுக்கக் கேட்கட்டும். எதற்கும் எப்படிப் போனது என்று வந்து எழுதுங்கள். எனக்கும் அதே மாதிரி ஒருத்தன் இருக்கிறான்.