"மூன்று நாள் முன்னதாக" என்றால் எத்தனை மணி?

மண்டபத்தான்: கம்பெனி மாநாட்டுச் சாப்பாட்டுக்கு கேட்டரிங்காரர் எப்படி உறுதி மெயில் எழுத வேண்டும் என்று ஒருவர் இங்கே பக்கம் பக்கமாகப் பாடம் எடுத்திருக்கிறார். எதற்கு? மெனு, நேரம், தலைக்கு 450 ரூபாய், "சுமார் 120 பேர், மாற்றம் இருந்தால் மூன்று நாள் முன்னதாகச் சொல்லவும்". முடிந்தது. நான் இப்படித்தான் அனுப்புகிறேன், எந்தக் கம்பெனியும் கேள்வி கேட்டதில்லை.

கடலோரக் கணக்கன்: பாடம் எடுத்தது நான்தான் தம்பி, பெயரைச் சொல்லியே திட்டலாம். வெள்ளிக்கிழமை மாநாட்டுக்கு மூன்று நாள் முன்னதாக என்றால் செவ்வாய் காலையா, செவ்வாய் ராத்திரி பதினொன்றா? ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் விசைப்படகு திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும். வெள்ளி மதியத்து மீன் வியாழன் காலை கரைக்கு வருவது, வியாபாரியிடம் புதன் காலையே கிலோ சொல்லியாக வேண்டும். அதனால் என் மெயிலில் இப்படி இருக்கும்:

"120 பேருக்கு உணவு: சைவம் 70, அசைவம் 50. இறுதி எண்ணிக்கையை ஜூலை 15 செவ்வாய் மாலை 5 மணிக்குள் பதில் மெயிலில் தெரிவிக்கவும். அதன்பின் குறைந்தாலும் உறுதி செய்த எண்ணிக்கைக்கே பில். கூடுதலாகப் பத்து பேர் வரை அதே விலையில் பரிமாறுவோம்."

"சுமார்" என்று எழுதினால் எதற்கு பில் போடுவீர்கள்?

மண்டபத்தான்: செவ்வாய் என்றால் செவ்வாய்தான். மணியெல்லாம் ரயிலுக்குப் போதும்.

அலுவலக அக்கா: நான் மெயிலை வாங்குகிற பக்கம். வருகிறவர்கள் பட்டியல் மாநாட்டுக்கு முந்தின நாள் மாலைதான் முடியும். 85 பேர் சாப்பிட்டதற்கு 120 பேருக்கு பில் வந்தால் அக்கவுண்ட்ஸ் என்னைத்தான் உட்கார வைத்துக் கேட்கும். இதில் என்ன நியாயம்?

கடலோரக் கணக்கன்: அக்கா, அந்த 35 பேருக்கு 15,750 ரூபாய், அதன்மேல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அரிசியை மூட்டையிலேயே விட்டுவிடலாம், வெட்டிய மீனை என்ன செய்வது? பட்டியல் முடியாவிட்டால் செவ்வாயன்று 100 என்று உறுதி கொடுங்கள், மேலே பத்து பேருக்கு நாங்கள் பொறுப்பு. அதற்கும் மேலே வந்தால் சைவத்தில்தான் சமாளிக்க முடியும், அதையும் மெயிலிலேயே எழுதிவிடுவேன். மணி இல்லாத மெயிலில் நீங்கள் செவ்வாய் ராத்திரி குறைத்தால் தம்பியால் வாயே திறக்க முடியாது.

மண்டபத்தான்: திறப்பேன். போன் இருக்கிறது.

கடலோரக் கணக்கன்: போனில் சொன்னதை அக்கவுண்ட்ஸில் யார் ஒப்புக்கொள்வார்கள்? அதற்குத்தான் "பதில் மெயிலில்".

கீழக்கரை பாய்: எண்ணிக்கையை விடுங்கள். வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டை ஒரு மணிக்குப் போட்டு ஒரு மெயில் வந்தது எனக்கு. பிரியாணி மாஸ்டரும் பரிமாறுகிற பையன்களும் ஜும்மாவுக்குப் போயிருப்பார்கள், வந்த விருந்தாளிகளில் பாதிப் பேரும் அங்கேதான். 1.45 என்று திருப்பி எழுதினேன், "நிகழ்ச்சி நிரல் அச்சாகிவிட்டது" என்றார்கள். கடைசியில் நடந்தது 1.45-க்குத்தான்.

மண்டபத்தான்: பாய், நேரம் வேறு பிரச்சினை. இங்கே பேச்சு மணியைப் பற்றி.

கீழக்கரை பாய்: நேரமும் மணியும் வேறு வேறா! சரி.

அலுவலக அக்கா: பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. "50 சதவீதம் முன்பணம், மீதி 30 நாளில்" என்று எழுதுகிறீர்கள். எங்கள் கம்பெனியில் 30 நாள் என்பது பர்ச்சேஸ் ஆர்டர் எண்ணோடு பில் அக்கவுண்ட்ஸுக்கு வந்த தேதியிலிருந்து. எண் இல்லாத பில் மேஜையிலேயே கிடக்கும்.

கடலோரக் கணக்கன்: அதனால்தான் எண் வந்த பிறகே முன்பணப் பில் அனுப்புவேன். "பில் தேதியிலிருந்து 30 நாள்" என்றும் எழுதுவேன்.

மண்டபத்தான்: எவ்வளவு எழுதினாலும் டி.டி.எஸ். என்று மொத்தத் தொகைக்கும் பிடிக்கத்தான் போகிறார்கள்.

கடலோரக் கணக்கன்: மொத்தத்துக்கும் இல்லை. பில்லில் ஜி.எஸ்.டி.யைத் தனியாகக் காட்டினால் 120 பேருக்கான 54,000-க்கு மட்டும்தான் பிடிப்பார்கள், தனி ஆள் தொழில் என்றால் 1 சதவீதம், 540 ரூபாய். சேர்த்தே "தலைக்கு இவ்வளவு" என்று போட்டால் வரிக்கும் சேர்த்துப் பிடிபடும். "முடிந்தது" என்கிற உங்கள் மெயிலில் ஜி.எஸ்.டி. எங்கே?

மண்டபத்தான்: அண்ணே, எல்லாம் தெரிந்தவர் நீங்கள். தேவிபட்டினம் கூட்டத்தில் சீலா மீன் என்று நினைத்து உட்கார்ந்தவர்களுக்குச் சூரை வறுவல் வைத்ததும் நீங்கள்தானே?

கடலோரக் கணக்கன்: மெனுவில் "மீன் வறுவல், வரத்தைப் பொறுத்து" என்றுதான் இருந்தது. சீலாவுக்கு விலை வேறு. தடைக்காலத்தில் சீலா கேட்டால் நான் என்ன, ஐஸ் பெட்டிக்குள்ளேயா வளர்க்கிறேன்?

மண்டபத்தான்: அதாவது மணியை எழுதுவீர்கள், மீன் பெயரை எழுத மாட்டீர்கள்.

கடலோரக் கணக்கன்: போன மாதக் கூட்டத்துக்கு மீதிப் பணம் வந்துவிட்டதா தம்பி?

கீழக்கரை பாய்: சூரை வறுவல் நன்றாகத்தான் இருந்தது. நானும் அங்கே சாப்பிட்டேன்.