பொருள்: ‘ரிஸ்க் லாக்’, ‘இஷ்யூ லாக்’ இரண்டுக்கும் தமிழ்ச் சொல்

மீனாட்சி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

கிளை நூலகம் ஒன்றின் 12,000 நூல்களைக் கோஹா மென்பொருளில் ஏற்றும் வேலைக்காகத் தமிழில் ஒரு விரிதாள் தயாரிக்கிறேன். வேலை செய்வோர் மூன்று பேர், காலம் 40 வேலைநாள். விரிதாளில் இரண்டு பக்கங்கள். தவறு நேரக்கூடும் என்று தோன்றுபவை ஒன்றில், நேர்ந்தே விட்டவை மற்றதில்.

முதல் பக்கத்துக்கு ‘இடர்’ என்றும் இரண்டாவதற்குச் ‘சிக்கல்’ என்றும் தலைப்பிட்டேன். நிரப்பியவர்கள் முதல் பக்கத்தில் வெள்ளம், தீ, மின்கசிவு என்று எழுதியிருக்கிறார்கள். ‘பேரிடர் மேலாண்மை’ என்று கேட்டுப் பழகிய காதுக்கு ‘இடர்’ அப்படித்தான் ஒலிக்கிறது போலும். மற்ற எல்லாம் நடந்து முடிந்தபின் இரண்டாம் பக்கத்துக்கு வருகின்றன. ‘இன்னும் நடக்கவில்லை, நடக்கலாம்’ என்பது சொல்லைப் பார்த்ததும் புரிய வேண்டும். அப்படி ஒரு சொல் வேண்டும்.

இளங்கோ எழுதியது:

‘வருசிக்கல்’ என்று வைக்கலாம் அக்கா. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. சின்னச் சொல், சொல்லவும் எளிது. நடந்துவிட்டதற்கு வெறும் ‘சிக்கல்’ போதும்.

கூடவே வாய்ப்புக்கு 1 முதல் 5, பாதிப்புக்கு 1 முதல் 5 என்று மதிப்பெண் போட்டுப் பெருக்குங்கள். 15-க்கு மேல் வந்தால் மட்டும் நூலகக் குழுவுக்குச் சொன்னால் போதும்.

ராமலிங்கம் எழுதியது:

தம்பி, வினைத்தொகை மூன்று காலத்துக்கும் பொது. வந்த சிக்கல், வருகின்ற சிக்கல், வரும் சிக்கல் எல்லாம் அதற்குள் அடங்கும். மீனாட்சிக்கு வேண்டியது காலத்தைப் பிரித்துக்காட்டும் சொல். காலத்தை மறைத்து வைப்பதே வினைத்தொகையின் இலக்கணம், அதனால் இங்கே அது ஆகாது. ‘வருஞ்சிக்கல்’ என்று எதிர்காலமாக்கினாலும் வந்தே தீரும் என்ற பொருள் ஏறிவிடுகிறது.

மதிப்பெண் விஷயம் பாதி சரி. எதை முதலில் பேசுவது என்று வரிசைப்படுத்த அது உதவும். ஆனால் அரிதாக வந்து வேலையையே நிறுத்திவிடக்கூடிய ஒன்றுக்கும் (1 × 5), அடிக்கடி வந்து யாரையும் பாதிக்காத ஒன்றுக்கும் (5 × 1) ஒரே 5 வரும். 15-க்குக் கீழே இருப்பதைச் சொல்ல வேண்டாம் என்று விதி வைத்தால், நிறுத்திவிடக்கூடியது தாளிலேயே தங்கிவிடும். எப்போது சொல்ல வேண்டும் என்பதையும் மதிப்பெண் காட்டாது. அதற்குத் தேதிதான் வேண்டும். அதைத் தனியாக எழுதுகிறேன்.

தர்ஷினி எழுதியது:

இலங்கையில் வங்கித்துறை அறிக்கைகளில் ‘இடர்நேர்வு’ என்ற சொல் வழக்கத்தில் இருக்கிறது. ‘இடர்நேர்வு முகாமைத்துவம்’ என்றுதான் எழுதுவார்கள். வெள்ளம், புயலுக்கு எங்களிடம் ‘அனர்த்தம்’ இருப்பதால் நீங்கள் சொல்லும் குழப்பம் இங்கே குறைவு. ஆயத்தமாய் ஒரு சொல் இருக்கும்போது புதிதாய் ஆக்க வேணுமா?

ஒரு குறையையும் நானே சொல்லிவிடுகிறேன். ‘நேர்வு’ என்றால் நேர்ந்தது என்றும் எடுக்கலாம். தமிழ்நாட்டுக்காரர் இதை முதல் தரம் வாசித்தால் விபத்து நடந்துவிட்டதென்று நினைக்கக்கூடும்.

கபிலன் எழுதியது:

எங்கள் செயலியைத் தமிழாக்கும்போது இதே கேள்வி வந்தது. கிட்ஹப்பில் `Issues` என்று இருப்பதற்கு ‘வழுக்கள்’ என்று போட்டோம். பிறகு புது வசதி கேட்பவர்களும் அங்கேயே எழுதுகிறார்கள் என்று ‘கோரிக்கைகள்’ என மாற்றினோம். நீங்களும் ‘கோரிக்கை’ என்றே வைத்துக்கொள்ளலாமே?

மீனாட்சி எழுதியது:

கபிலன், அது வேறு இடம். அங்கே வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் எதையும் கேட்கலாம். இங்கே வேலை செய்யும் மூவர், வேலையைத் தடுப்பதை எழுதுகிறார்கள். ‘கோரிக்கை’ என்றால் நாற்காலி கேட்டு எழுதிவிடுவார்கள்.

ராமலிங்கம் ஐயா, தேதி என்றீர்களே, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லுங்கள். அந்தக் கட்டத்துக்கும் பெயர் வேண்டும்.

ராமலிங்கம் எழுதியது:

உங்கள் நூலகத்தையே எடுத்துக்கொள்வோம். நன்கொடை நூல்களுக்குத் தனிப் பதிவேடு வைத்து 1-இலிருந்து எண் கொடுத்திருந்தால், வாங்கிய நூலிலும் ஒரு 417 இருக்கும், நன்கொடையிலும் ஒரு 417 இருக்கும். கோஹாவில் ஒரு பட்டைக்குறி எண் ஒரு படிக்குத்தான். இரண்டாவது 417 ஏறாது. ஒரு வரிசைக்கு முன்னொட்டுச் சேர்த்து `D00417` என்பது போல மாற்ற வேண்டும். எந்த வரிசையை மாற்றுவது என்பதை நூலகக் குழுதான் முடிவு செய்ய முடியும்.

இனி நாட்களைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். பட்டைக்குறி அச்சிட்ட ஒட்டுத்தாளை நூல்களில் ஒட்ட ஆளுக்கு நாளொன்றுக்கு 400 என்று இரண்டு பேர் ஒட்டினால் 12,000-க்கு 15 நாள். அச்சடித்து வர 5 நாள். ஆக, 40-ஆம் நாள் முடிய வேண்டுமானால் 20-ஆம் நாள் முடிவதற்குள் அச்சுக்குக் கொடுத்திருக்க வேண்டும். குழு பத்து வேலைநாளுக்கு ஒருமுறை கூடுகிறது, அதாவது 4, 14, 24-ஆம் நாட்களில் என்று வையுங்கள். 20-க்கு முந்தைய கடைசிக் கூட்டம் 14. கூட்டப்பொருளை இரண்டு நாள் முன்பே அனுப்ப வேண்டுமென்றால் 12-ஆம் நாள்.

40-ஆம் நாள் வலிக்கப்போகும் ஒன்றை 12-ஆம் நாளுக்குள் சொல்லியாக வேண்டும். 13-ஆம் நாள் சொன்னால் முடிவு 24-இல் கிடைக்கும், அச்சு 29-இல் வரும், ஒட்டி முடிக்க 44 ஆகிவிடும். ஒரு நாள் தாமதம் நான்கு நாளாகப் பெருகுகிறது. பெரும்பாலான விரிதாள்களில் ‘எப்போது நிகழும்’ என்ற கட்டம் இருக்கும், எந்த நாளுக்குள் சொல்ல வேண்டும் என்ற கட்டம் இருக்காது. ‘எப்போது நிகழும்’ என்பதற்கு 30, 35 என்று எழுதிவிட்டு, இன்னும் நாள் இருக்கிறதே என்று 18-ஆம் நாள் சொல்ல வருவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, தாள் அப்படிக் கேட்டிருக்கிறது.

இதற்குச் ‘சொற்கெடு’ என்று ஒருவர் முன்பு பரிந்துரைத்தார். சொல் கெட்டுப்போனது என்று படிக்கிறது. நான் ‘அறிவிப்புக் கெடு’ என்பேன். பணம் கட்டக் கெடு, பதில் சொல்லக் கெடு என்று மக்கள் வாயில் இருக்கும் சொல்தான்.

இளங்கோ எழுதியது:

‘அறிவிப்புக் கெடு’ எனக்கும் பிடித்திருக்கிறது ஐயா. ஆனால் 24-இல் முடிவு கிடைத்தாலும், ஒட்ட மூன்றாவது ஆளைப் போட்டால் நாளுக்கு 1,200 ஆகும். பத்து நாள் போதும், 39-ஆம் நாளே முடிந்துவிடுமே.

ராமலிங்கம் எழுதியது:

கணக்கு சரி. அந்த மூன்றாவது ஆளுக்கான கூலியையும் குழுதான் ஒப்ப வேண்டும், அதே 24-ஆம் நாள் கூட்டத்தில். முன்பே சொல்லியிருந்தால் செலவில்லாமல் முடிந்திருப்பது, பிந்தியதால் பத்து நாள் கூலியாகிறது. அதையும் தாளில் எழுதி வையுங்கள்: கெடுவுக்குள் சொன்னால் என்ன வழி, தாண்டினால் என்ன வழி.

இன்னொன்று. இந்தக் குறிப்பிட்ட ஐயத்தை முதல் நாளே தீர்த்துக்கொள்ளலாம். பழைய பட்டியலைச் சி.எஸ்.வி. கோப்பாக எடுத்து, முதல் நெடுவரிசையில் பதிவெண் இருந்தால்:

```
cut -d, -f1 books.csv | sort | uniq -d
```

இரண்டு முறை வரும் எண்கள் மட்டும் திரையில் வரும். வந்துவிட்டால் அது முதல் பக்கத்தில் இருக்கக் கூடாது, நடந்துவிட்டது என்று இரண்டாம் பக்கத்துக்குப் போக வேண்டும். முதல் பக்கத்து வரியை அழிக்காமல் ‘மூடியது’ என்று குறித்து, புது வரியின் எண்ணை அதில் எழுதுங்கள். அழித்தால் எப்போது சொன்னார்கள் என்ற தடயம் போய்விடும். அதனால்தான் ‘லாக்’ என்பதற்குக் ‘குறிப்பேடு’ என்பதைவிடப் ‘பதிவேடு’ பொருத்தம் என்கிறேன்.

தர்ஷினி எழுதியது:

அந்தக் கட்டளையில் கவனம் தேவை. ஒருவர் `417` என்றும் மற்றவர் `0417` என்றும் தட்டியிருந்தால் அது பிடிக்காது. எண்ணுக்குப் பின்னால் ஒரு வெற்றிடம் இருந்தாலும் பிடிக்காது. முதலில் எல்லா எண்களையும் ஒரே நீளத்துக்குக் கொண்டுவர வேண்டும். திரையில் ஒன்றும் வரவில்லை என்பதற்காக வரியை மூடிவிடக் கூடாது.

பழைய பட்டியல் பாமினி எழுத்துருவில் இருந்தால் இன்னொரு வரியும் வேண்டும். பாமினியில் `jkpo;` என்று தட்டினால் ‘தமிழ்’ என்று தெரியும். ஒருங்குறிக்கு மாற்றும்போது தலைப்பின் நடுவே ஆங்கிலச் சொல் இருந்தால் அதுவும் சேர்ந்து மாறிவிடும். `data` என்பது ‘னயவய’ ஆகிவிடும். 12,000-ஐயும் மாற்றிய பிறகு பார்த்தால் எது முன்பு ஆங்கிலமாக இருந்தது என்று தேடுவது பெரும்பாடு. ஆங்கிலம் கலந்த தலைப்புகளாய்ப் பார்த்து ஐம்பதை முதலில் மாற்றிப் பாருங்கோ. இதற்கும் ஒரு அறிவிப்புக் கெடு இருக்கும்தானே?

மீனாட்சி எழுதியது:

இருக்கிறது, ஆனால் நூலகக் குழுவைச் சார்ந்ததில்லை. யார் திருத்துவது என்று நாங்கள் மூவரே முடிவு செய்துகொள்ளலாம் என்பதால் கெடு தள்ளிப்போகிறது. கெடு யாரிடம் சொல்ல வேண்டும் என்பதைப் பொறுத்தும் மாறுகிறது என்று இப்போதுதான் பிடிபட்டது. ‘யாரிடம்’ என்று ஒரு கட்டம் சேர்க்கிறேன்.

தலைப்புகளைப் பற்றி ஒரு யோசனை. பெயர்ச்சொல்லையே விட்டுவிடலாமா? தமிழில் வினைமுற்றே வேலையைச் செய்துவிடுகிறது. முதல் பக்கத்துக்கு ‘நேரலாம்’, இரண்டாவதற்கு ‘நேர்ந்துவிட்டது’. எழுதுகிறவரும் வரியை ‘-லாம்’ என்று முடித்தால் முதல் பக்கம், ‘-விட்டது’ என்று முடித்தால் இரண்டாம் பக்கம். ஒரு வரி இப்படி வரும்:

```
எண்: 3
காரணம்: நன்கொடை நூல்களுக்குத் தனி எண்வரிசை
நேரலாம்: பதிவெண்கள் இரட்டிக்கலாம்
விளைவு: ஒட்டுத்தாள் அச்சு நிற்கும்
அறிவிப்புக் கெடு: 12-ஆம் நாள்
யாரிடம்: நூலகக் குழு
பொறுப்பு: குழு
```

ராமலிங்கம் எழுதியது:

காரணம், நிகழ்வு, விளைவு மூன்றையும் பிரித்தது நல்லது. ‘தரவு மாற்றத்தில் பிரச்சினை வரலாம்’ என்று எழுதினால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. காரணத்தை எழுதியதால்தான் எதைச் சோதிப்பது என்று தெரிகிறது.

கடைசிக் கட்டத்தை மாற்றுங்கள். ‘குழு’ என்றால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். மூவரில் ஒருவர் பெயர் வேண்டும். அவரே தீர்க்க வேண்டும் என்பதில்லை. கெடு வரும்வரை அதைக் கண்காணித்து, வந்ததும் வாய்திறக்க வேண்டியவர் அவர்.

இளங்கோ எழுதியது:

‘நேரலாம்’ விரிதாளுக்குச் சரி. கட்டுரையில் எப்படி எழுதுவது? ‘நேரலாம் மேலாண்மை’ என்று சொல்ல முடியாது. ‘நேரலாம்கள்’ என்று பன்மையும் ஆகாது. உரைநடைக்கு ஒரு பெயர்ச்சொல் வேண்டும்தான்.

தர்ஷினி எழுதியது:

உரைநடைக்கு இடர்நேர்வு, விரிதாளுக்கு நேரலாம் என்று இரண்டையும் வைத்துக்கொண்டால் என்ன? நிரப்புகிறவர் கட்டுரை வாசிக்கப்போவதில்லை.

மீனாட்சி எழுதியது:

விரிதாளில் ‘நேரலாம்’, ‘நேர்ந்துவிட்டது’, ‘அறிவிப்புக் கெடு’ மூன்றையும் போட்டுவிட்டேன். பொறுப்புக் கட்டத்தில் ஒரு பெயர் மட்டும் ஏற்கும்படி அமைத்திருக்கிறேன். உரைநடைச் சொல்லை இங்கேயே தொடர்ந்து பேசலாம். ‘இடர்நேர்வு’ என்பதைத் தமிழ்நாட்டு நூலகர் இருவரிடம் விளக்கம் இல்லாமல் காட்டி, என்ன புரிந்தது என்று அவர்கள் சொல்வதை அப்படியே எழுதுகிறேன்.