வரவுசெலவு அட்டவணையில் உள்ளே தள்ளி எழுதும் தலைப்புக்கு என்ன சொல்?

செல்வி:
அனைவருக்கும் வணக்கம். விரிதாள் கையேடு ஒன்று எழுதுகிறேன். வரவுசெலவு அட்டவணையின் இடப்பக்கம், முதன்மைச் செலவுக்குக் கீழே உட்செலவுகளைச் சற்று உள்ளே தள்ளி எழுதுகிறோமே, அந்தத் தலைப்புகளுக்கு ஒரு சொல் வேண்டும். ‘உள்தள்ளிய வரித்தலைப்பு’ என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன்.

பாபு:
நல்ல சொல்தானே, அக்கா. நான் முன்னால் மூன்று இடைவெளி தட்டிவிடுவேன், வேலை முடிந்தது. பத்தியின் முதல் வரிக்கும் இதே சொல்லைப் பயன்படுத்தலாமே?

இராமநாதன்:
பத்தியில் தள்ளுவது வெறும் தோற்றம், பாபு. இங்கே அது ஒரு உறவைச் சொல்கிறது. இதைப் பாருங்கள்:

```
   A               B
1  வாகனம்          9,000
2     எரிபொருள்     6,000
3     பராமரிப்பு     3,000
4  கட்டடம்         12,000
5     வாடகை       10,000
6     பராமரிப்பு     2,000
```

மூன்றாம் வரியும் ஆறாம் வரியும் ஒரே பெயர். எதன் பராமரிப்பு என்பதை மேலே இருக்கும் தலைப்புதான் சொல்கிறது. அகர வரிசைப்படி அடுக்கினால் அந்தத் தகவலே போய்விடும். கீழே உள்ள சூத்திரமும் இரண்டையும் கலந்து 5,000 என்றுதான் காட்டும்:

```
=SUMIF(A1:A6,"பராமரிப்பு",B1:B6)
```

இடைவெளி தட்டியிருந்தால் இன்னும் மோசம், பெயர் பொருந்தாமல் 0 வரும். தள்ளுவதை வடிவமைப்பில் செய்தால் பெயர் சுத்தமாக இருக்கும். ஆனால் CSV ஆகச் சேமித்தால் அந்தத் தள்ளல் மறைந்துவிடும், உறவு அப்படியேதான் இருக்கும். அதனால் தோற்றத்துக்கு ‘உள்தள்ளல்’ இருக்கட்டும், தலைப்புக்கு ‘சார்புத் தலைப்பு’ என்று வைக்கலாம். மேலே இருப்பது ‘தாய்த் தலைப்பு’.

மீனா:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் அலுவலகத் தாளில் மொத்தம் எப்போதும் இரட்டிப்பாக வருகிறது. தள்ளி எழுதியதால் தான் அப்படியா?

இராமநாதன்:
இல்லை அம்மா, தள்ளி எழுதியிருப்பது சூத்திரத்துக்குத் தெரியாது. மேலே உள்ள அட்டவணையில் B1 முதல் B6 வரை கூட்டினால் 42,000 வரும், உண்மையான செலவு 21,000 தான். தாயும் சார்பும் இரண்டுமே கூட்டலில் சேர்ந்துவிடுகின்றன. தாய் வரிகளில் `=SUBTOTAL(9,B2:B3)` என்பதுபோல எழுதி, கடைசி மொத்தத்துக்கும் SUBTOTAL போடுங்கள். உள்ளே இருக்கும் SUBTOTAL வரிகளை அதுவே விட்டுவிடும்.

மீனா:
சரியாக வந்துவிட்டது, நன்றி ஐயா.

செல்வி:
ஐயா, ‘சார்பு’ என்றால் கணிதச் சார்பு நினைவுக்கு வராதா? அதுவும் சூத்திரங்கள் நிறைந்த கையேட்டில்!

பாபு:
அப்போ ‘கிளைத் தலைப்பு’? ஒரு பார்வையிலேயே புரியும்.

இராமநாதன்:
‘கிளை’ என்றால் அலுவலகக் கிளை என்று கணக்குப் பிரிவில் படித்துவிடுவார்கள். ஆனாலும் செல்வி சொல்வது நியாயம், ‘சார்பு’ இந்தக் கையேட்டில் இடிக்கத்தான் செய்யும்.

செல்வி:
‘உட்தலைப்பு’ என்று வைத்துப் பார்க்கிறேன். அப்புறம் இன்னொன்று: எரிபொருளுக்குக் கீழே டீசல், பெட்ரோல் என்று மறுபடியும் பிரித்தால், எரிபொருள் தாயா, உட்தலைப்பா?