அக்காவுக்கு வந்த மான்செஸ்டர் டாக்டர் வரன்: படங்களை வைத்து உண்மை கண்டுபிடிக்க முடியுமா?

வெண்ணாறு:
வணக்கம். என் அக்கா பள்ளி ஆசிரியை, கணவர் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. நாங்களே வற்புறுத்தித்தான் ஒரு திருமணத் தளத்தில் பதிவு செய்தோம். டிசம்பரில் ஒருவர் தொடர்பு கொண்டார். மான்செஸ்டரில் அறுவை சிகிச்சை மருத்துவராம், மனைவி இறந்துவிட்டாராம், ஒரு மகள். இரண்டாம் நாளே வாட்ஸ்அப்புக்கு வரச் சொன்னார். +44 எண். பெயர் தமிழ்ப் பெயர், ஆனால் தமிழ் பேச வராது, அங்கேயே வளர்ந்தவராம். ஒரே வாரத்தில் 'நீதான் என் மனைவி' என்று எழுதிவிட்டார்.

இதுவரை ஒரு பைசா கேட்கவில்லை. அதனால்தான் அக்கா என்னை நம்ப மறுக்கிறாள். அவர் அனுப்பிய இரண்டு படங்களைப் பார்த்தேன். ஒன்று, கார்க் கதவைத் திறந்து வைத்துப் பக்கத்தில் நிற்பது, வேறு யாரோ எடுத்தது. இன்னொன்று, 'இப்போதுதான் டியூட்டி முடிந்தது' என்று நேற்று இரவு 11 மணிக்கு வந்தது. ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில். கூகுள் லென்ஸில் போட்டேன், உருப்படியாக எதுவும் கிடைக்கவில்லை. வேறு எப்படிப் பார்ப்பது?

ரவி_அபுதாபி:
வீடியோ காலில் வரச் சொல்லுங்கள் நண்பரே. வந்தால் உண்மை, வராவிட்டால் பொய். ஐந்து நிமிட வேலை. அந்தக் கார்ப் படத்தில் ஸ்டியரிங் எந்தப் பக்கம்?

வெண்ணாறு:
இடது பக்கம். வீடியோ கால் ஒரு தடவை வந்ததாம். சில நொடிகள்தான், படம் கலங்கலாக இருந்து கட்டாகிவிட்டது. 'ஆஸ்பத்திரியில் நெட் சரியில்லை' என்றாராம்.

ரவி_அபுதாபி:
அப்போ முடிந்தது. இங்கிலாந்தில் நம்ம ஊர் மாதிரி வலது பக்கம்தான் ஸ்டியரிங். இது அமெரிக்காவில் எடுத்த படம். பொய் சொல்கிறார்.

பழைய கவுண்டர்:
வங்கியில் மோசடிப் புகார்களைப் பார்க்கும் பிரிவில் இருந்தவன். ரவி சொன்னதில் பாதி சரி. அமெரிக்கா என்று முடிவு கட்டும் முன் சட்டையைப் பாருங்கள். பாக்கெட் எந்தப் பக்கம் இருக்கிறது?

வெண்ணாறு:
சார், இப்போதுதான் கவனிக்கிறேன். அவருடைய வலது மார்பில் இருக்கிறது.

பழைய கவுண்டர்:
ஆண்கள் சட்டையில் ஒரே ஒரு பாக்கெட் இருந்தால், அது அநேகமாக இடது மார்பில்தான் தைத்திருப்பார்கள். ஆகவே இந்தப் படத்தை இடவலமாகத் திருப்பியிருக்கிறார்கள். ஸ்டியரிங் இடது பக்கம் தெரிவதும் அதனால்தான். செல்ஃபி என்றால் சில போன்கள் தானாகவே கண்ணாடி போலத் திருப்பிச் சேமிக்கும், அதைக் குற்றமாகக் கொள்ள முடியாது. ஆனால் இது வேறொருவர் தள்ளி நின்று எடுத்த படம். யாரோ உட்கார்ந்து வேண்டுமென்றே திருப்பினால்தான் இப்படி வரும். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: படத்தைத் தேடினால் மூலம் கிடைக்கக்கூடாது.

போன் கேலரியில் எடிட் போய், கிராப் பக்கத்தில் இரண்டு முக்கோணம் போன்ற குறி இருக்கும். அதை அழுத்தித் திருப்பிச் சேமியுங்கள். பிறகு லென்ஸில் முழுப் படத்தையும் போடாமல் முகமும் தோளும் வரும்படி வெட்டிப் போடுங்கள். முழுதாகப் போட்டால் அது காரைத் தேடிக்கொண்டு போய்விடும். TinEye, Yandex இரண்டிலும் பாருங்கள். ஒன்றில் இல்லாதது இன்னொன்றில் கிடைக்கும். எதிலும் கிடைக்காவிட்டால் ஆள் உண்மை என்று அர்த்தமில்லை. பூட்டி வைத்த கணக்கிலிருந்து திருடிய படம் எந்தத் தேடலிலும் வராது.

அடுத்தது வெயில். ஜனவரியில் நமக்கும் இங்கிலாந்துக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். நமக்கு இரவு 11 என்றால் அங்கே மாலை ஐந்தரை. இந்த மாதத்தில் மான்செஸ்டரில் ஐந்து மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். ஐந்தரைக்கு ஜன்னலில் வெயில் அடிக்க வழியே இல்லை. இதே படம் ஜூனில் வந்திருந்தால் நானும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன்.

வீடியோ காலை மட்டும் நம்பாதீர்கள். வேறொருவரின் பழைய வீடியோவை ஓட்டிவிட்டு 'நெட் சரியில்லை' என்று கட் செய்வது பழைய வேலை. இப்போது நேரலையிலேயே முகத்தை மாற்ற முடிகிறது. பக்கவாட்டில் திரும்பச் சொல்லலாம், முகத்துக்கு முன்னால் கையை ஆட்டச் சொல்லலாம், சில நேரம் அப்போது முகம் கலையும். கலையவில்லை என்பதற்காக நிம்மதியாகிவிடக் கூடாது.

மீனா சு.:
என் படத்தை யாரோ எடுத்து வேறு பெயரில் திருமணத் தளத்தில் போட்டிருக்கிறார்கள். தோழி சொல்லித்தான் தெரியும். அதை எப்படி எடுப்பது?

பழைய கவுண்டர்:
அம்மா, உங்களுடையது வேறு பிரச்சினை. அந்தப் பக்கத்தின் இணைப்பையும் ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்துவைத்து, தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு அடையாளச் சான்றோடு மின்னஞ்சல் அனுப்புங்கள். cybercrime.gov.in தளத்திலும் பதியுங்கள். தனி இழையாகப் போட்டால் விவரமாகப் பேசலாம்.

வெண்ணாறு, அக்காவிடம் அவர் என்னென்ன விசாரித்தார்? வீடு யார் பெயரில், கூட யார் இருக்கிறார்கள் என்றெல்லாம் கேட்டாரா?

வெண்ணாறு:
கேட்டிருக்கிறார் சார். வீட்டுக்கடன் முடிந்துவிட்டதா என்றுகூட. 'நாம் பேசுவதைத் தம்பியிடம் இப்போது சொல்லாதே, நேரில் வந்து சந்தோஷப்படுத்துகிறேன்' என்றும் ஒரு செய்தி. அப்புறம் இன்று காலை புதிதாக ஒன்று. அக்கா பிறந்தநாளுக்குப் பார்சல் அனுப்பிவிட்டாராம். நகைப் பெட்டி, ஐபோன், கைப்பை எல்லாம் பரப்பி வைத்த படமும் வந்திருக்கிறது.

பழைய கவுண்டர்:
அப்படியென்றால் நாள் நெருங்கிவிட்டது. இதுவரை பணம் கேட்கவில்லை என்றீர்களே, இனியும் அவர் வாயால் கேட்க மாட்டார். டெல்லி விமான நிலையக் கஸ்டம்ஸ் என்று வேறொருவர் அழைப்பார், பெரும்பாலும் ஒரு பெண். முதலில் முப்பதாயிரம், நாற்பதாயிரம் வரி என்பார்கள். கட்டினால், 'பெட்டிக்குள் பவுண்டு நோட்டு இருக்கிறது, அதற்குச் சான்றிதழ் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வழக்கு' என்று லட்சத்துக்குப் போவார்கள். டாக்டர் மறுபக்கம் 'உனக்காகத்தானே அனுப்பினேன்' என்று அழுவார்.

கஸ்டம்ஸ் ஒருபோதும் போனில் அழைத்துத் தனிநபர் கணக்கிலோ யுபிஐயிலோ வரி கட்டச் சொல்லாது. தபாலில் வரும் பார்சலுக்கு வரி இருந்தால் அஞ்சல்துறை கொடுக்கும்போது ரசீதோடு வாங்கும். கடிதம் ஏதாவது காட்டினால் அதில் DIN எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2019 நவம்பரிலிருந்து அந்தத் துறையின் கடிதங்களில் பெரும்பாலும் அந்த எண் இருக்கும், cbic.gov.in தளத்தில் போட்டு நாமே சரிபார்க்கலாம்.

வெண்ணாறு:
மாலையில் அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவள் கையாலேயே படத்தைத் திருப்பித் தேட வைத்தேன். கிடைத்துவிட்டது. வேறு பெயரில் ஒரு வெளிநாட்டு மருத்துவரின் இன்ஸ்டாகிராம். அதே கார், அதே சட்டை, பாக்கெட் இடது பக்கம். ஆனால் அக்கா, 'அந்தக் கணக்குதான் இவர் படத்தைத் திருடியிருக்கும்' என்கிறாள்.

பழைய கவுண்டர்:
பலரும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள், சண்டை போடாதீர்கள். அந்தக் கணக்கில் எத்தனை வருடப் பதிவுகள், கூட நிற்கிற நண்பர்கள் அவரைக் குறித்து எழுதியிருக்கிறார்களா என்று அக்காவையே பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் மான்செஸ்டர்க்காரரிடம் அவருடைய GMC எண்ணை அக்கா கேட்கட்டும். அங்கே வைத்தியம் பார்க்கும் மருத்துவர்கள் எல்லோருக்கும் ஏழு இலக்க எண் உண்டு, gmc-uk.org தளத்தில் யார் வேண்டுமானாலும் தேடலாம். கொடுக்காமல் கோபப்பட்டால் அதுவே பதில். கொடுத்தாலும் இன்னொருவர் எண்ணாக இருக்கலாம், அதை மறக்க வேண்டாம்.

வெண்ணாறு:
கேட்டாள் சார். 'என் மேல் நம்பிக்கை இல்லையா' என்று நீளமாக எழுதிவிட்டு, இரண்டு மணி நேரமாகப் பதில் இல்லை. அக்கா போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பிளாக் செய்யச் சொல்லட்டுமா?

பழைய கவுண்டர்:
முதலில் உரையாடல் முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். அந்தத் திருமணத் தளப் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அவர்கள் நீக்கிவிட்டால் பிறகு கிடைக்காது. கஸ்டம்ஸ் அழைப்பு வந்தால் எண்ணையும், எந்தக் கணக்குக்குக் கட்டச் சொல்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தப்பித்தவறிப் பணம் போய்விட்டால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். கணக்கிலிருந்து அவர்கள் எடுப்பதற்குள் சொன்னால்தான் நிறுத்தி வைக்க முடியும்.

பிளாக் செய்வதை அக்கா முடிவு செய்யட்டும். நீங்கள் செய்தால் வேறு எண்ணில் அவர் வருவார், அதை அக்கா உங்களிடம் சொல்ல மாட்டார்.