[ɳ], [ɲ], [ŋ] குழம்புகின்றன: ஒலிபெயர்ப்புத் தேர்வுக்கு எப்படி நினைவில் வைப்பது?

கயல்
மொழியியல் முதல் பருவ மாணவி நான். அடுத்த வாரம் முதல் ஒலிபெயர்ப்புத் தேர்வு. ஆசிரியர் சொற்களைச் சொல்லச் சொல்ல ஐபிஏ குறியீடுகளில் எழுத வேண்டும். அட்டவணையை வரிசையாக எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். ஓர் ஒலியைத் தனியாகக் கேட்டால் கை நின்றுவிடுகிறது. மூக்கொலிகளில்தான் தொல்லை அதிகம். மூன்றிலும் [n]-க்கு ஒரு கொக்கி இருக்கிறது, எது எந்தப் பக்கம் என்பது மறந்துபோகிறது.

முத்துவேல்
தமிழ் எழுத்தோடு பொருத்திவிடுங்கள் தங்கையே, வேறெதுவும் வேண்டாம். ண என்றால் [ɳ], ஞ என்றால் [ɲ], ங என்றால் [ŋ]. க என்றால் [k], ட என்றால் [ʈ]. நமக்குப் பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது.

இளவரசி
மூக்கொலிகளுக்கு முத்துவேல் சொல்வது பொருந்தும். ஆனால் க, ட இரண்டிலும் மதிப்பெண் போய்விடும். ‘பட்டம்’ என்பதில் [ʈː], ‘பாடம்’ என்பதில் [ɖ]. எழுத்து ஒன்றுதான், குரல்நாண் அதிர்வு வேறு. ‘பகல்’ என்ற சொல்லின் நடுவில் [k] வரவே வராது. பேசுபவரைப் பொறுத்து [ɡ] அல்லது [ɣ] கேட்கும்.

கயல், குறியீட்டை நாக்கு தொடும் இடத்தோடு சேருங்கள். இந்தச் சொற்களை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்: கம்பு, பந்து, கன்று, வண்டு, பஞ்சு, பங்கு. மூக்கொலியில் நிறுத்தி, நாக்கை அசைக்காமல் முனகுங்கள். அடைப்பு உதட்டில் தொடங்கி, பல், பல்லின் மேல்விளிம்பு, அதற்குப் பின்னால் வளைந்த நாநுனி, அண்ணத்தின் நடு, கடைசியில் மெல்லண்ணம் என்று பின்னோக்கிப் போவது தெரியும். அட்டவணையிலும் இடமிருந்து வலமாக அதே வரிசைதான். மூக்கொலியும் அடுத்து வரும் மெய்யும் ஒரே இடத்தில் பிறப்பதால் நாக்கு தானாகவே அங்கே போய் நிற்கும்.

இப்போது ‘வண்டு’வில் நிறுத்திக்கொண்டே [ɳ] எழுதுங்கள். வலக்கால் கீழிறங்கி வலப்பக்கம் வெளியே வளைகிறது. அந்த வால் [ʈ ɖ ɭ ʂ ʐ ɻ] எல்லாவற்றிலும் உண்டு, எல்லாமே நாவளை ஒலிகள். ஒன்றைப் பிடித்தால் முழுக் குடும்பமும் கிடைக்கும். ‘பஞ்சு’வில் நிறுத்தி [ɲ], இங்கே கொக்கி இடக்காலில், இடப்பக்கம் திரும்புகிறது. ‘பங்கு’வில் நிறுத்தி [ŋ], வலக்கால் உள்நோக்கி மடங்குகிறது. இந்த விதியை மற்ற எழுத்துகளுக்கு நீட்டாதீர்கள். [ɱ] குறியிலும் கொக்கி உள்நோக்கித்தான் மடங்கும், ஆனால் அது கீழுதடும் மேற்பல்லும் சேரும் ஒலி.

பிறகு வரிசையைக் கலைத்துவிடுங்கள். பொருளில்லாத [aɲa], [aŋa], [aɳa] போன்றவற்றை வேறொருவர் சொல்ல, நீங்கள் முதலில் வாயில் சொல்லி, அப்புறம் எழுதுங்கள். தெரிந்த சொல்லானால் எழுத்துக்கூட்டு நினைவுக்கு வந்து காதை ஏமாற்றிவிடும்.

ஜோசப்
அகராதியில் உச்சரிப்பு பார்ப்பதற்காகத்தானே கேட்கிறீர்கள்? நான் சேர்ந்திசையில் பிரெஞ்சுப் பாடல்கள் பாடுகிறேன். எனக்கு [y] வராமல் வாட்டியது. நாக்கை ‘ஈ’ சொல்லும் இடத்திலேயே வைத்து உதட்டை மட்டும் குவிக்கச் சொன்னார்கள், உடனே வந்தது. அதற்குப் பிறகு அந்தக் குறியை மறக்கவில்லை.

கயல்
எனக்கு அகராதிக்காக அல்ல ஐயா, தேர்வுக்காக. ஆனாலும் உயிரொலிகளுக்கு உதவும், நன்றி.

இளவரசி அக்கா, தம்பியைச் சொல்லச் சொல்லி எழுதிப் பார்த்தேன். மூக்கொலிகள் இப்போது பெரும்பாலும் சரியாக வருகின்றன. [ɭ], [ɻ] இரண்டையும் இன்னும் மாற்றி எழுதுகிறேன். இரண்டுக்கும் ஒரே வால்தானே.

இளவரசி
வால் இடத்தைச் சொல்கிறது, காற்று போகும் வழியைச் சொல்வதில்லை. ‘பள்ளி’யின் ள்-இல் நாக்கை நிறுத்திக் காற்றை வாய்வழியே உள்ளே இழுங்கள். குளிர்ச்சி நாக்கின் ஓரங்களில் படும். ‘பழம்’ என்பதன் ழ்-இல் இழுத்தால் நடுவில் படும். மூக்கொலிகளுக்கு இந்தச் சோதனை பலிக்காது, வாய் அடைபட்டிருக்கும். உங்களுக்கு இரண்டிலும் ஓரத்திலேயே குளிர்ந்தால் உங்கள் பேச்சில் ழகரம் ளகரமாகவே இருக்கிறது என்று பொருள். அப்போது முதலில் வாயைப் பழக்க வேண்டும், பிறகுதான் குறியீடு.

கயல்
இரண்டிலும் ஓரத்தில்தான் குளிர்கிறது! இன்றிலிருந்து ழகரம். இன்னொன்று: ‘பந்து’வில் வெறும் [n] எழுதலாமா, அடியில் பல்குறி போட்டு [n̪] எழுத வேண்டுமா?

முத்துவேல்
வெறும் [n] போதும். முதல் தேர்வில் அவ்வளவு நுணுக்கம் பார்க்க மாட்டார்கள்.

இளவரசி
‘கன்று’ம் ‘பந்து’ம் ஒரே தாளில் வந்தால் வேறுபாடு கேட்கக்கூடும். நுண்ணிய ஒலிபெயர்ப்பா, பரந்ததா என்று ஆசிரியரிடமே கேட்டுவிடுங்கள்.